கழிவு அட்வைஸ் வந்ததும் முதலில் திகதியைப் பாருங்கள்

திருகோணமலையில் கருவாடு வாங்கிக் கட்டி, கொழும்பில் உள்ள ஒரு சுப்பர்மார்க்கெட் கம்பனிக்கு அனுப்பும் ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்வோம். 400 கிலோ கட்டாக் கருவாடு, கிலோ 3,000 ரூபா, பில் 12 இலட்சம். கம்பனி 60 நாள் கடனுக்குத்தான் வாங்கும். ஆனால் மீனவருக்கும் காய வைத்துக் கொடுத்தவர்களுக்கும் அன்றைக்கே காசு கொடுத்தாக வேண்டும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் இன்வொய்ஸ் டிஸ்கவுண்டிங், அதாவது பில்லைக் கழிவுக்கு வைப்பது. 60 நாள் கழித்து வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதியை வங்கியோ நிதிக் கம்பனியோ இன்றே தரும். அதற்கு ஒரு கட்டணத்தை முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும். வாங்கியவர் பணத்தைக் கட்டியதும் கணக்கைத் தீர்த்து மீதியைத் தரும்.

பணம் கணக்கில் விழுந்ததும் அதனுடன் ஒரு தாள் வரும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதைத்தான் டிஸ்கவுண்டிங் அட்வைஸ் என்கிறோம். முற்பண வீதம், கழிவுக் கட்டணம், டியூ டேட் என்ற முதிர்வுத் திகதி, ரிகோர்ஸ் என்ற திருப்பிக் கேட்கும் நிபந்தனை ஆகிய நான்கும் அதில் இருக்கும். அநேகமானோர் கடைசி வரியில் உள்ள நிகரத் தொகையை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தாளை ஃபைலில் போட்டுவிடுவார்கள். பிழை இருந்தால் அது பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில் தெரியாது. தெரிந்தாலும், கையில் கொஞ்சம் கூடுதலான காசாக வந்து நிற்கும். அப்படி வருவது எப்படி என்பதை இந்த ஒரு பில்லை வைத்தே பார்க்கலாம். கீழே வரும் வீதங்கள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக எடுத்தவை. உங்கள் ஒப்பந்தத்தில் உள்ளதை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

தாளில் உள்ள கணக்கு

பில் திகதி 2025 ஜூன் 2. லொறி அன்று இரவே புறப்பட்டது. கொழும்புக் களஞ்சியத்தில் இறக்க முறை கிடைத்து, நிறுத்து, சரக்குப் பெற்ற சீட்டில், அதாவது ஜீஆர்என்னில், முத்திரை குத்தியது ஜூன் 5. நிதிக் கம்பனி பணம் விட்டது ஜூன் 6. அட்வைஸில் இப்படி இருக்கிறது: முற்பணம் 80 வீதம், கழிவு வீதம் ஆண்டுக்கு 18, டியூ டேட் ஓகஸ்ட் 4, நடைமுறைக் கட்டணம் பில் தொகையில் அரை வீதம்.

12 இலட்சத்தில் 80 வீதம் 960,000 ரூபா. மீதி 240,000 ரூபாவை நிதிக் கம்பனி ரிசர்வ் என்று தன்னிடம் வைத்திருக்கும். ஜூன் 6 முதல் ஓகஸ்ட் 4 வரை 59 நாள். கழிவுக் கட்டணத்தை ஃபோனில் உள்ள எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ இரண்டு வரியில் போட்டுப் பார்க்கலாம்:

```
=DATE(2025,8,4)-DATE(2025,6,6)
=960000*18%*59/365
```

முதல் வரிக்கு 59 வரும், இரண்டாவதற்கு 27,932.05. முதல் வரியில் நாளுக்குப் பதில் ஒரு திகதி தெரிந்தால் அந்தக் கட்டத்தின் வடிவத்தை ‘நம்பர்’ என்று மாற்றிவிடுங்கள். நடைமுறைக் கட்டணம் 6,000. 960,000இலிருந்து இவை இரண்டையும் கழித்தால் கைக்கு வரவேண்டியது 926,067.95 ரூபா. தாளிலும் இதுவே இருந்தால் கூட்டல் கழித்தல் சரி. அவ்வளவுதான், திகதி சரியா என்பது இன்னும் தெரியவில்லை.

உங்கள் விடை தாளோடு ஒத்துவரவில்லை என்றால் வித்தியாசத்தின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். இந்தப் பில்லுக்கு ஒரு நாள் கட்டணம் 473.42 ரூபா. வித்தியாசம் அதுவாக இருந்தால் பணம் விட்ட நாளையும் முதிர்வு நாளையும் இரண்டையும் சேர்த்து 60 நாள் எண்ணியிருக்கிறார்கள். வித்தியாசம் 388 ரூபா அளவில் இருந்தால் ஆண்டுக்கு 365 நாளுக்குப் பதில் 360ஆல் வகுத்திருக்கிறார்கள். சுமார் 7,000 ரூபா கூடுதலாகப் பிடித்திருந்தால், தந்த 960,000க்கு இல்லாமல் முழுப் பில்லான 12 இலட்சத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். அப்போது கட்டணம் 34,915.07 ஆகிவிடும். கையில் வராத 240,000க்கும் வட்டி கட்டுகிறீர்கள் என்று அர்த்தம். சில ஒப்பந்தங்களில் அப்படித்தான் எழுதியிருக்கும். எழுதியிருந்தால் அது பிழை இல்லை, ஆனால் 18 வீதம் என்று சொன்ன பேச்சை அப்படியே நம்பி இன்னொரு கம்பனியின் 20 வீதத்தோடு ஒப்பிடக் கூடாது.

பணம் உண்மையில் வந்த நாளையும் பாருங்கள். 2025 ஜூன் 6 வெள்ளிக்கிழமை. அட்வைஸ் அன்றைய திகதியில் இருந்து, பணம் திங்கள் 9ஆம் திகதிதான் கணக்கில் விழுந்தது என்றால், வராத பணத்துக்கு மூன்று நாள் வட்டி, 1,420 ரூபா. வெள்ளி பின்னேரம் அனுப்பும் பணத்தில் இது அடிக்கடி நடக்கும். வங்கிக் கூற்றைக் காட்டிக் கேட்டால் திருத்துவார்கள்.

உண்மையான செலவு என்ன என்று ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். 926,067.95 ரூபாவை 59 நாள் வைத்திருக்க 33,932.05 ரூபா கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு மாற்றினால் ஏறக்குறைய 22.7 வீதம். தாளில் 18 என்று இருப்பது 22.7 ஆனதற்குப் பெரிய காரணம் அந்த 6,000 ரூபாதான். வட்டியை முதலே பிடிப்பதும் கொஞ்சம் ஏற்றுகிறது. நாள் குறைந்த பில்லில் இப்படிப்பட்ட நிலையான கட்டணம் இன்னும் கடுமையாகக் கடிக்கும். ஆகவே 30 நாள் பில்லைக் கழிவுக்கு வைக்கும் முன் இந்தக் கணக்கு கட்டாயம்.

ஓகஸ்ட் 4 எங்கிருந்து வந்தது?

60 நாள் கடன் என்றால் எந்த நாளிலிருந்து 60? இதற்கு மூன்று விடை உண்டு, மூன்றும் வியாபாரத்தில் நடப்பவை. பில் திகதியான ஜூன் 2 முதல் எண்ணினால் ஓகஸ்ட் 1. சரக்குப் பெற்ற சீட்டின் ஜூன் 5 முதல் எண்ணினால் ஓகஸ்ட் 4. பில் எந்த மாதத்தில் வந்ததோ அந்த மாத முடிவிலிருந்து, அதாவது ஜூன் 30 முதல் எண்ணினால் ஓகஸ்ட் 29. ஒரே பில், ஒரே 60 நாள். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் நான்கு கிழமை.

பெரிய கம்பனிகளின் கணக்குப் பகுதி மாத முடிவிலிருந்து எண்ணுவது புதினமில்லை. அது உங்களுக்குக் கொடுத்த சப்ளையர் ஒப்பந்தத்திலோ கொள்வனவுக் கட்டளையின் பின்பக்கத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும். நிதிக் கம்பனியில் விவரம் பதிபவர் பெரும்பாலும் சரக்குப் பெற்ற சீட்டை மட்டும்தான் பார்க்கிறார். கிளை திருகோணமலையில் இருந்தாலும் அட்வைஸ் அடிப்பது தலைமை அலுவலகமாக இருக்கலாம். அவர்களிடம் போனது ‘60 நாள்’ என்ற இரண்டு சொல்தான். இந்த உதாரணத்தில் வாங்கும் கம்பனி மாத முடிவுக் கணக்கில் ஓகஸ்ட் 29க்குத்தான் கட்டும் என்று வைத்துக்கொள்வோம். அட்வைஸிலோ ஓகஸ்ட் 4.

இதில் ஒரு மயக்கம் இருக்கிறது. சரியான திகதியைப் போட்டிருந்தால் 84 நாள் ஆகியிருக்கும், கழிவுக் கட்டணம் 39,767.67 ஆகியிருக்கும், கையில் 914,232.33தான் வந்திருக்கும். பிழையான திகதியால் 11,835.62 ரூபா கூடுதலாக வந்திருக்கிறது. பார்க்க இலாபம் போலத்தான் தெரியும், அதனால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஓகஸ்ட் 4 வருகிறது, பணம் வரவில்லை. அடுத்த நாளிலிருந்து பில் தவணை கடந்த பில். ஒப்பந்தத்தில் தாமத வட்டி 24 வீதம் என்று இருந்தால், 960,000க்கு 25 நாளில் 15,780.82 ரூபா ஏறிவிடும். முன்பு மிச்சமாகத் தெரிந்த 11,835.62ஐக் கொடுத்து, அதற்கு மேல் 3,945.20 ரூபாவும் கொடுக்கிறீர்கள். வாங்கியவர் ஒரு நாளும் தாமதிக்கவில்லை. அவர் தன் திகதியில்தான் கட்டினார்.

நாலாயிரம் ரூபாதானே என்று விட்டால், அடுத்து ரிகோர்ஸ் நிற்கிறது.

யார் பணத்தைத் திருப்பிக் கட்டுவது?

வித் ரிகோர்ஸ் என்றால் வாங்கியவர் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும். சின்ன வியாபாரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். அட்வைஸில் இந்த ஒரு சொல் மட்டும் இருக்கும். விவரம் முதலில் கையெழுத்து வைத்த வசதி ஒப்பந்தத்தில் இருக்கும். அதை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு விடயத்தைத் தேடுங்கள்: டியூ டேட்டுக்குப் பிறகு எத்தனை நாளில் உங்களிடம் கேட்பார்கள், எந்த வழியில் எடுப்பார்கள்.

நம் உதாரணத்தில் 15 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஓகஸ்ட் 4இலிருந்து 15 நாள், ஓகஸ்ட் 19. வாங்கும் கம்பனிக்கு அது கட்ட வேண்டிய நாளே இல்லை, இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதற்குள் உங்களிடம் 960,000 ரூபாவும் அதுவரை ஏறிய தாமத வட்டி 9,468.49 ரூபாவும் கேட்கும் உரிமை நிதிக் கம்பனிக்கு வந்துவிடும். கிழக்குக் கரையில் ஓகஸ்ட் என்றால் கடல் அமைதி, வெயிலும் நன்றாக இருக்கும். மழைக்கு முன் வாங்கிக் காயவைக்க வேண்டிய காலம். கையில் இருக்கும் காசு முழுக்கச் சரக்கில் முடங்கியிருக்கும். அந்த நேரத்தில் பத்து இலட்சம் புரட்டச் சொல்வது தொழிலையே நிறுத்துவதற்குச் சமம்.

எடுக்கும் வழி இதைவிட முக்கியம். ஒன்று, அடுத்த பில்லைக் கழிவுக்குக் கொண்டுபோனால் அதன் முற்பணத்தில் பழையதைக் கழித்துவிட்டு மீதியைத் தருவது. அட்வைஸில் ‘செட் ஒஃப்’ என்று ஒரு வரி வந்து, எதிர்பார்த்த பணம் வராமல் போகும்போதுதான் பலர் இதை அறிகிறார்கள். இன்னொன்று, வசதி எடுக்கும்போது வாங்கி வைத்த காசோலையை வங்கியில் போடுவது. பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் குற்றமாகக் கொள்ளப்படும். அந்தக் காசோலை எந்த நாளில் போடப்படலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நாளைத் தீர்மானிப்பதும் அதே டியூ டேட்தான்.

வித்தவுட் ரிகோர்ஸ் என்று எழுதியிருந்தால் முழு நிம்மதி என்று நினைக்க வேண்டாம். பொதுவாக அதில் நிதிக் கம்பனி ஏற்பது வாங்கியவர் கடன் கட்ட முடியாமல் முறிந்துபோகும் ஆபத்தை மட்டும். சரக்கில் குறை, எடை குறைவு, ஒப்பந்தப்படி இல்லை என்று வாங்கியவர் பணத்தை நிறுத்தினால் அது உங்கள் தலையில்தான். கருவாட்டில் பெரிய கம்பனி முறிந்துபோவதைவிட, ஈரம் கூட, பூஞ்சணம் பிடித்தது என்று திருப்புவதுதான் அதிகம் நடக்கும். இதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்டால், எந்தச் சம்பவத்துக்கு இது பொருந்தும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே கொடுங்கள்.

முற்பண வீதம்

இதில் பார்க்க வேண்டியது வீதம் மட்டுமில்லை, எந்தத் தொகையின் வீதம் என்பது. பில்லில் வற் சேர்ந்திருந்தால் சிலர் வற் நீங்கிய தொகைக்கு மட்டும் தருவார்கள். சிலர் வாங்கியவர் ஏற்றுக்கொண்ட தொகைக்கு மட்டும் தருவார்கள்.

கருவாட்டைப் பொறுத்தவரை இந்த இரண்டாவதுதான் பெரிய விடயம். இங்கே 400 கிலோ நிறுத்து ஏற்றுகிறோம். சாக்கில் வழியெல்லாம் ஈரம் இழந்து, இரண்டு மூன்று நாள் காத்திருந்து, கொழும்புத் தராசில் 391 கிலோ நிற்கிறது. 9 கிலோ, 27,000 ரூபா. சரக்குப் பெற்ற சீட்டில் 391 என்று பேனாவால் திருத்தியிருப்பார்கள். அந்தத் திருத்தத்தைப் பார்க்காமல் 12 இலட்சத்துக்கே முற்பணம் வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அந்த 27,000 கடைசியில் ரிசர்வில் கழியும். 240,000 ரிசர்வில் அது தாங்கும். ஏற்ற தொகையான 1,173,000க்கு 80 வீதம் என்று தந்திருந்தால் முற்பணம் 938,400 ஆகியிருக்கும், வட்டியும் அதற்கேற்பக் குறைந்திருக்கும்.

90 வீதம் தருகிறோம் என்று இன்னொரு கம்பனி வந்தால்? ரிசர்வ் 120,000 ஆகிவிடும். எடைக் குறைவு, திரும்பிய சரக்கு, விற்பனைச் சலுகை என்று வாங்கும் கம்பனி கழிப்பதும், தாமத வட்டியும் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மிஞ்சியதை நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். எங்கள் பார்வையில், எடை நிலையாக நிற்காத சரக்குக்கு 80 வீதத்துக்கு மேல் போவது நல்லதில்லை. கடந்த ஆறு பில்லில் வாங்கியவர் எவ்வளவு கழித்தார் என்று எடுத்துப் பார்த்து, அதில் மிகக் கூடியதன் இரண்டு மடங்காவது ரிசர்வில் இருக்கும்படி வீதத்தைக் கேளுங்கள்.

கேட்பது எப்படி

அட்வைஸ் வந்த அன்றே கேட்பதுதான் சுலபம். தவணை கடந்த பிறகு திகதியைத் திருத்துவது தாமத வட்டியைத் தள்ளுபடி செய்வதாகிவிடும், அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும். முதலில் வாங்கும் கம்பனியின் கணக்குப் பகுதியிடம், இந்தப் பில் எந்த நாளில் கட்டுப்படும் என்று ஈமெயிலில் ஒரு வரி வாங்குங்கள். டிஸ்கவுண்டிங்கில் சில சமயம் வாங்கியவருக்கு விடயமே தெரியாது, ஆகவே கழிவுக்கு வைத்ததைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தச் சப்ளையரும் கேட்கும் கேள்விதான் இது. பிறகு நிதிக் கம்பனிக்கு அழையுங்கள்.

“மிஸ், இந்த பில்லுக்கு டியூ டேட் ஓகஸ்ட் 4 எண்டு போட்டிருக்கிறீங்கள். எந்தத் திகதியில இருந்து 60 நாள் எடுத்தனீங்கள்?”

“ஜீஆர்என் திகதியில இருந்து.”

“அவங்கட ஒப்பந்தத்தில மாத முடிவில இருந்து. ஓகஸ்ட் 29தான் கட்டுவாங்கள். ஈமெயிலை அனுப்புறன். திருத்தின அட்வைஸ் ஒண்டு தாங்கோ.”

அவர்கள் திருத்தினால் கூடுதல் 25 நாளுக்கான 11,835.62 ரூபாவை உங்கள் கணக்கில் பிடிப்பார்கள் அல்லது ரிசர்வில் எழுதிவைப்பார்கள். அது நியாயமான வட்டி, கொடுங்கள். வாய்ப்பேச்சில் ‘சரி, பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் போதாது. கம்பியூட்டரில் இருக்கும் திகதிதான் ஓகஸ்ட் 19 அன்று காசோலையை வெளியே எடுக்கச் சொல்லும். அந்தத் திகதி மாறியதற்குச் சான்று புதிய அட்வைஸ் மட்டும்தான்.

முதிர்வு நாள் சனி, ஞாயிறு, போயா தினத்தில் விழுந்தால் அடுத்த வேலைநாளுக்குத் தள்ளுவார்களா, தள்ளும் நாட்களுக்கு எந்த வீதத்தில் வட்டி என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். வாங்கும் கம்பனி மாதத்தில் இரண்டு நாள்தான் பணம் விடும் என்றால் அதையும் சொல்லி, அந்த நாளையே டியூ டேட்டாகப் போடச் சொல்லுங்கள்.

ஓகஸ்ட் 29 அன்று வாங்கும் கம்பனி 27,000 கழித்து 1,173,000 ரூபா கட்டுகிறது. திருத்திய அட்வைஸ் கையில் இருந்தால் ரிசர்விலிருந்து 213,000 ரூபா வரவேண்டும். கூடுதல் வட்டியை ரிசர்வில் எழுதிவைத்திருந்தால் 201,164.38. 197,219.18 என்று வந்திருந்தால் திகதி கம்பியூட்டரில் மாறவே இல்லை, தாமத வட்டி பிடித்திருக்கிறார்கள். இரண்டு அட்வைஸையும் அந்த ஈமெயிலையும் இணைத்து 3,945.20 ரூபாவைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த பில்லை அனுப்பும் முன் அதன் திகதியையும் பாருங்கள், ஏனென்றால் அதே கணக்கில் அதே ‘60 நாள்’தான் பதிவாகியிருக்கும்.